சோளத்துளிர் மேய்ந்த மாடும் கைக்கு வராத மருந்தும்

தாராபுரம் பக்கம் மானாவாரிச் சோளம் போடுகிற யாருக்கும் இளஞ்சோளம் மாட்டுக்கு ஆகாது என்பது தெரியும். விதைத்த காட்டில் யாரும் மாட்டை விடமாட்டார்கள். வினை வருவது அறுத்த காட்டில். தை மாசியில் தட்டு அறுத்தபின் கட்டை காய்ந்து நிற்கும். சித்திரையில் ஒரு மழை விழுந்தால் அந்தக் கட்டையிலிருந்து பச்சைப்பசேலென்று துளிர் வரும். அதை நாம் பயிராகவே எண்ணுவதில்லை. ஆனால் நஞ்சு அதிகம் இருப்பதே அதில்தான்.

எங்கள் மாடுகள் மேய்ந்ததும் அப்படி ஒரு துளிர்தான். பக்கத்துக் காட்டுக் கிளுவை வேலியில் இருந்த சந்து வழியாக இரண்டும் நுழைந்துவிட்டன. ஓட்டிவரும்போது ஒன்று தள்ளாடியது. வாயில் நுரை, மூச்சு படுவேகம், வயிறும் கொஞ்சம் உப்பியிருந்தது. வயிறு உப்பியதைப் பார்த்ததும் பக்கத்துக்காட்டுப் பெரியப்பா, “உப்புசந்தான், எண்ணெய் ஊத்துனா சரியாயிரும்” என்று மூங்கில் குழாயோடு வந்துவிட்டார். பெரியவர் பேச்சைத் தட்ட முடியாமல் வீட்டில் எல்லோரும் எண்ணெய் தேட ஓடினார்கள். போன நேரம் போனதுதான்.

நான் கால்நடை மருந்தகத்துக்குப் போன் போட்டேன். டாக்டர் முகாமுக்குப் போயிருக்கிறார் என்று உதவியாளர் சொன்னார். சோளம் தின்றதற்குப் போடுகிற ஊசி இருக்கிறதா என்று கேட்டால், “ஸ்டாக் இல்லைங்க, எழுதிப் போட்டிருக்கோம்.” வேறு யாரைக் கூப்பிடலாம் என்றுகூடச் சொல்லவில்லை. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அடித்தோம். வண்டி வேறொரு ஊரில் இருக்கிறது, முடித்துவிட்டு வரும் என்றார்கள்.

காப்பாற்றியது, பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மாட்டு டாக்டர். போனில் அவர் கேட்ட முதல் கேள்வி, என்ன தின்றது என்பதுகூட இல்லை. “தம்பி, கீழ் இமையை இழுத்துப் பாருங்க, ஈறையும் பாருங்க. என்ன நிறம்?” நல்ல சிவப்பு சார், இரத்தம் கொப்பளிக்கிற மாதிரி என்றேன். “அப்ப சயனைடுதான். மருந்தோட வர்றேன். மாட்ட நிழல்ல அப்படியே விடுங்க, நடக்க வைக்காதீங்க, வாய்ல எதுவும் ஊத்தாதீங்க.”

நிறத்தை அவர் ஏன் கேட்டார் என்று அப்புறம் விளக்கினார். சோள இலையில் இருக்கும் ஒரு பொருள் மாட்டின் அசைவயிற்றில் சிதைந்து சயனைடாக மாறுகிறது. அது உடம்பு பிராணவாயுவைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிடும். இரத்தத்தில் பிராணவாயு அப்படியே தங்கிவிடுவதால்தான் அந்தச் செக்கச்சிவப்பு. ஆனால் வறட்சியில் நின்ற, யூரியா அதிகம் போட்ட சோளத்தில் நைட்ரேட்டும் சேர்ந்திருக்கும். அது தாக்கினாலும் மூச்சு வாங்கும், தள்ளாடும். ஆனால் இரத்தம் சாக்லேட் மாதிரிப் பழுப்பாகிவிடும். சயனைடுக்குப் போடுகிற சோடியம் நைட்ரைட் ஊசியை அந்த மாட்டுக்குப் போட்டால், விஷத்தின் மேல் விஷம் ஏற்றியதுபோல ஆகும். அதற்கு மெத்திலீன் புளூ என்று வேறு மருந்து. இமையின் நிறத்தைப் போனிலேயே சொல்லிவிட்டால் டாக்டர் சரியான மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியும்.

முதல் மாடு அவர் வருமுன்னே விழுந்து, கால்களை உதறி, போய்விட்டது. கறவையில் இருந்த மாடு. பெரியப்பா அதற்குள் அரைக் குழாய் எண்ணெய் ஊற்றியிருந்தார். விழுங்க முடியாத மாட்டுக்கு வாயில் ஊற்றினால் அது நேரே நுரையீரலுக்குப் போகும், விஷத்தில் பிழைத்தாலும் அதில் சாகும் என்று டாக்டர் அவரிடமே சொல்லிவிட்டார். பெரியப்பாவுக்குக் கோபம்தான், இன்றுவரை.

இரண்டாவது மாடு குறைவாகத் தின்றிருந்தது. அதற்குச் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் நரம்பில் மெதுவாக ஏற்றினார். அது எழுந்து நின்று நன்றாக விழுங்கத் தொடங்கியபின், வயிற்றில் மிச்சமிருக்கும் விஷத்தை முறிக்க 30 கிராம் தயோசல்பேட்டைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். அறிகுறி தெரிந்து இரண்டு மணி நேரம் தாண்டிய மாடு பெரும்பாலும் பிழைத்துவிடும் என்றார். பிழைத்தது. சாயங்காலம் அசைபோட ஆரம்பித்ததும்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அந்தத் தயோசல்பேட்டுக்குத்தான் அலைச்சல். ஊசி மருந்து அவர் வீட்டில் இருந்தது, வாயில் கொடுக்கிற தூள் இல்லை. போட்டோ ஸ்டுடியோக்களில் பிலிம் கழுவ வைத்திருக்கும் ஹைப்போ இதேதான், முன்பெல்லாம் அங்கே ஓடினால் கிடைக்கும். இப்போது எந்த ஸ்டுடியோவில் பிலிம் கழுவுகிறார்கள்? மனிதர்களுக்கான மருந்துக்கடைகளில் பெயரைச் சொன்னாலே விழித்தார்கள். டவுனில் ஒரு கால்நடை மருந்துக்கடையில் கிடைத்தது. மாடு வைத்திருப்பவர்கள் சித்திரைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு ஒரு பாக்கெட் வாங்கி வையுங்கள். ஊசியை நீங்களே போட நினைக்காதீர்கள், அளவு தப்பினால் அதுவே கொல்லும்.

இறந்த மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. காதுவில்லையோடு போட்டோ, பிரேதப் பரிசோதனைச் சான்று வரை சுலபம். அலுவலகத்தில் இருந்தவர், “வேணும்னே மேய விட்டீங்களா?” என்று கேட்டார். அதன்பின் விஷம் என்பதற்கு ஆய்வக அறிக்கை வேண்டும் என்றார். நல்லவேளை, டாக்டர் அசைவயிற்றுத் தீனியைச் சூடு ஆறும் முன்பே காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்துப் பனிக்கட்டியில் வைக்கச் சொல்லியிருந்தார். சயனைடு ஆவியாகிப் பறந்துவிடும். மறுநாள் எடுத்த மாதிரியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். மாடு செத்தால் அழுகிற நேரத்திலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒருவர், தன் மாட்டுக்கும் சோள விஷம்தான் என்றார். போய்ப் பார்த்தால் இமை மஞ்சள், தீனி எடுக்கவில்லை, வெள்ளைத் தோல் உள்ள இடமெல்லாம் வெயிலில் புண்ணாகி உரிகிறது. அது உண்ணிச்செடி தின்ற வேலை. கோடையில் பசி தாங்காமல் மாடு அதைக் கடிக்கும். ஈரல் கெட்டு, சில நாளில்தான் வெளியே தெரியும். அதற்கு நிழல்தான் முதல் வைத்தியம். வெயிலில் கட்டவே கூடாது, மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார். அரளி வேறு மாதிரி. வேலியில் வெட்டிய அரளிக்கிளையைத் தீவனத்தோடு சேர விட்டுவிட்டால், கொஞ்சம் இலையே இதயத்தை நிறுத்திவிடும்.

நாங்கள் இப்போது துளிர் வந்த காட்டை உழுதுவிடுகிறோம். பச்சைத் தட்டு வேண்டுமென்றால் பூ எடுத்தபின்தான் அறுப்பு. அதையும் முதலில் வைக்கோல் போட்டு மாடு பசி ஆறியபின்தான் கொடுப்போம். நன்றாகக் காய்ந்த தட்டில் சயனைடு பயம் குறைவு. கிளுவை வேலிச் சந்தை முள் வைத்து அடைத்தாயிற்று. இன்சூரன்ஸ் பணம் மட்டும் இன்னும் வரவில்லை.