ஒரே 401, இரண்டு காரணங்கள்

திங்கள்கிழமை காலை 11 மணிக்குப் புது மொபைல் ஆப்பிலிருந்து வந்த எல்லா அழைப்புகளையும் எங்கள் ஏபிஐ 401 சொல்லித் திருப்பி அனுப்பியது. ஏன் என்று பதிலில் ஒரு வார்த்தை கிடையாது.

டோக்கன் காலாவதியாகிவிட்டது என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. டோக்கனின் நடுப்பகுதி வெறும் பேஸ்64 என்பதால் என் கணினியிலேயே பிரித்துப் பார்த்தேன். (உயிருள்ள டோக்கனை இணையத்தில் கிடைக்கும் டிகோடரில் ஒட்டும் பழக்கம் எனக்கில்லை.)

```
"aud": "account",
"exp": 1718000000
```

`date -d @1718000000` கொடுத்தால் இந்திய நேரம் 11:43 என்று வந்தது. இன்னும் அரை மணிக்கு மேல் ஆயுள் இருந்தது. சரி, காலாவதி இல்லை. ஏபிஐயின் லாகைத் திறந்தேன்.

```
jwt audience invalid. expected: orders-api
```

புது ஆப்புக்காக ஐடென்டிட்டி சர்வரில் புது கிளையன்ட் பதிவு செய்திருந்தோம். பழைய கிளையன்டில் `orders-api` என்பதை `aud`-இல் சேர்க்கும் அமைப்பு இருந்தது, புதியதில் அதைப் போட மறந்துவிட்டோம். "இப்போதைக்கு அந்தச் சோதனையையே எடுத்துவிடலாமா?" என்று ஒரு குரல் வந்தது. எடுத்தால், அதே சர்வர் வேறு எந்தச் சேவைக்காகத் தந்த டோக்கனும் எங்கள் ஆர்டர்களைத் திறந்துவிடும். கிளையன்டைத் திருத்திப் புது டோக்கன் வாங்கினோம்.

அப்புறமும் மூன்றில் ஓர் அழைப்பு 401. அதே டோக்கன் ஒரு முறை போகிறது, அடுத்த முறை போகவில்லை. டோக்கனில் பிழை என்றால் எல்லா முறையும் விழ வேண்டும். லோட் பேலன்சருக்குப் பின்னால் மூன்று சர்வர்கள் இருந்தன; நான் பார்த்தது முதல் சர்வரின் லாகை மட்டும். மூன்றாவதில் வேறு செய்தி இருந்தது: `invalid signature`. எங்கள் நூலகம் கையொப்பத்தை முதலில் பார்க்கும், அது தவறினால் `aud` வரை போகவே போகாது.

வார இறுதியில் ஐடென்டிட்டி சர்வரின் கையொப்பச் சாவியை மாற்றியிருக்கிறார்கள். எங்கள் நிரலோ, தொடங்கும்போது பொதுச் சாவியை ஒருமுறை இறக்கி நினைவில் வைத்துக்கொள்ளும், பிறகு கேட்காது. இரண்டு சர்வர்கள் காலையில் பேட்சுக்காக மறுதொடக்கம் ஆகியிருந்தன, மூன்றாவது ஆகவில்லை. பழைய வலைத்தளத்திலிருந்து காலையில் வந்த இரண்டு மூன்று புகார்களை நெட்வொர்க் கோளாறு என்று ஒதுக்கியிருந்தேன். அவையும் இதுதான்.

மறுதொடக்கம் செய்ததும் சரியானது, ஆனால் அது அடுத்த சாவி மாற்றம் வரைக்கும்தான். இப்போது டோக்கன் தலைப்பில் உள்ள `kid` நம்மிடம் இல்லையென்றால் சாவிப் பட்டியலை மறுபடி இறக்குகிறோம், அதுவும் நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் இல்லை. அந்த வரம்பு இல்லாவிட்டால் யாராவது கற்பனை `kid`களாக அனுப்பி எங்களை ஓயாமல் இறக்க வைக்கலாம். ஐடென்டிட்டி குழுவும் புதுச் சாவியை ஒரு நாள் முன்பே பட்டியலில் போட ஒப்புக்கொண்டது.