மூன்று ஓட்டு, எட்டு வரிசை

முதல் செமஸ்டரில் டிஜிட்டல் பாடத்துக்கு முதல் இன்டர்னல். கேள்வி இதுதான்: மூன்று நடுவர்கள் A, B, C. ஆமாம் என்றால் 1, இல்லை என்றால் 0. குறைந்தது இரண்டு பேர் ஆமாம் சொன்னால் F என்ற விளக்கு எரிய வேண்டும். ட்ரூத் டேபிள் போட்டு, கோவையைச் சுருக்கி, பிறகு F-க்கு நேரெதிரான கோவையையும் எழுத வேண்டும்.

டேபிளிலேயே சறுக்கினேன். வரிசைகளை மனதுக்குத் தோன்றியபடி எழுதியதில் 101 இரண்டு முறை வந்து, 110 காணாமல் போனது. எண்ணிப் பார்த்தால் எட்டு சரியாக இருக்கும், அதனால் உடனே தெரியாது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். C பத்தியில் 0, 1 என்று மாறி மாறி; B-யில் இரண்டு 0, இரண்டு 1; A-வில் நான்கு 0, நான்கு 1. பூஜ்யத்திலிருந்து ஏழு வரை பைனரியில் எண்ணுவதுதான் அது. அன்றிலிருந்து வேறு எந்த மாதிரியும் எழுதுவதில்லை.

F ஒன்றாக வருவது 011, 101, 110, 111 என்ற நான்கு வரிசைகளில். அதை அப்படியே எழுதினால் (0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் புரட்டும் பாருக்குப் பதிலாக ' போடுகிறேன்):

```
F = A'BC + AB'C + ABC' + ABC
```

கடைசி இரண்டிலும் AB பொது. வெளியே எடுத்தால் உள்ளே C' + C, அது எப்போதும் 1. ஆக, மிஞ்சுவது AB. முதல் இரண்டில் C பொது, உள்ளே A'B + AB'. இரண்டில் ஒன்று மட்டும் 1 என்று சொல்லும் எக்ஸார் அது. F = AB + C(A⊕B) என்று முடித்துவிட்டு, திருப்தியாகக் கோடு போட்டேன்.

வெளியே வந்ததும் பக்கத்து பெஞ்ச் நண்பன் தன் விடையைச் சொன்னான்: AB + BC + CA. வயிற்றில் புளியைக் கரைத்தது. எப்படி வந்தது என்று கேட்டேன். "ABC-யை மூணு தடவை எடுத்துக்கிட்டேன்டா" என்றான்.

எனக்கு அது போங்காட்டமாகத் தெரிந்தது. இருப்பது ஒரு ABC, அதை எப்படி மூன்று இடத்தில் செலவழிப்பது? பள்ளிக்கூட அல்ஜீப்ரா அந்த அளவுக்கு ஊறிப்போயிருந்தது. அங்கே x + x என்றால் 2x. இங்கே + என்பது 'அல்லது', அதாவது ஆர்; எழுத்துக்களை ஒட்டி எழுதினால் 'மற்றும்', அதாவது ஆண்ட். "மழை பெய்கிறது அல்லது மழை பெய்கிறது" என்று சொன்னால் மழை இரட்டிப்பாகாது. X + X = X என்பதால் ஒரே உறுப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். A'BC-யோடு ABC சேர்ந்தால் BC, AB'C-யோடு சேர்ந்தால் CA, ABC'-யோடு சேர்ந்தால் AB. மூன்றே வரியில் வேலை முடிந்தது.

அப்படியென்றால் என் விடை? அன்றிரவு விடுதியில் இரண்டுக்கும் எட்டு வரிசை போட்டுப் பார்த்தேன். எட்டும் ஒன்றுபோலவே வந்தன. ஆனால் சும்மா பொருந்தியது போதாது, ஏன் என்று தெரிய வேண்டும். நண்பனுடைய விடையை AB + C(A+B) என்று எழுதினால் விஷயம் புரிகிறது. என்னிடம் இருப்பது எக்ஸார், அவனிடம் இருப்பது சாதாரண ஆர். A, B இரண்டும் 1 ஆகும்போது மட்டும்தான் இவை வேறுபடும். ஆனால் அப்போது AB ஏற்கெனவே 1. இரண்டு பேர் ஆமாம் சொன்ன பிறகு மூன்றாமவர் என்ன சொன்னால் என்ன?

பேப்பர் வந்தது. எனக்குச் சுருக்கியதற்குப் பாதி மதிப்பெண். கேட்டபோது சார், "நீ எழுதியது தப்பில்லை. ஆனால் ஆண்டும் ஆரும் மட்டும் வைத்துச் சுருக்கச் சொன்னேன், கேள்வியைப் படி" என்றார். படித்தேன். அப்படித்தான் இருந்தது.

எதிர்க்கோவைக்கு மட்டும் முழு மதிப்பெண். அதுதான் பின்னால் வினையானது. கடைசி நிமிடத்தில் நான் எழுதியது A'B' + C'(A'⊕B'). இதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், ஒவ்வோர் எழுத்தின் தலையிலும் ஒரு பார் போட்டேன், அவ்வளவுதான். சரி என்று டிக் விழுந்ததும், விதியே இதுதான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

அடுத்த அசைன்மென்டில் AB + C-க்கு எதிர்க்கோவை கேட்டார்கள். தயங்காமல் A'B' + C' என்று எழுதினேன். சிவப்பு மையில் பெரிய வட்டம். டி மார்கன் விதிப்படி பார் உள்ளே போகும்போது ஆண்ட் ஆராகவும் ஆர் ஆண்டாகவும் மாற வேண்டும். சரியான விடை (A' + B')C'. (டி மார்கன் 1806-இல் பிறந்தது மதுரையில். எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம்தான், அவர் விதிதான் எட்டவில்லை.)

```
A B C   A'B'+C'   (A'+B')C'
0 0 0      1          1
0 0 1      1          0
0 1 0      1          1
0 1 1      0          0
1 0 0      1          1
1 0 1      0          0
1 1 0      1          0
1 1 1      0          0
```

தவறு தெரிவது 001, 110 என்ற இரண்டு வரிசைகளில் மட்டும். மீதி ஆறும் பொருந்துகின்றன. நான்கைந்து வரிசை பார்த்துவிட்டு "சரியாகத்தான் வருது" என்று மூடிவைத்தால் மாட்டிக்கொள்வோம்.

சரி, அதே தப்பு முறை நடுவர் கணக்கில் மட்டும் எப்படிப் பலித்தது? நண்பனுடைய AB + BC + CA-வை எடுத்து முறைப்படி போனால் (A'+B')(B'+C')(C'+A') கிடைக்கும். முதல் இரண்டையும் பெருக்கினால் B' + A'C'. அதை மூன்றாவதோடு பெருக்கினால் A'B' + B'C' + C'A', அதாவது அவன் விடையின் எழுத்துக்களில் வெறுமனே பார் போட்டால் வருவதே. காரணம் ஓட்டிலேயே இருக்கிறது. மூன்று பேரும் தங்கள் ஓட்டை மாற்றிப் போட்டால் முடிவும் கட்டாயம் தலைகீழாகும். அந்தக் குணமுள்ள கோவைக்கு மட்டும் எழுத்துக்களில் பார் போட்டாலே போதும். AB + C அப்படியில்லை. 001 கொடுத்தால் 1 வருகிறது, மூன்றையும் புரட்டி 110 கொடுத்தாலும் 1-தான் வருகிறது. மேலே நான் மாட்டிக்கொண்ட இரண்டு வரிசைகளும் இவையே.

அப்புறம் கையால் போட்ட டேபிளையும் நம்பாமல் பைத்தானில் சரிபார்க்க ஆரம்பித்தேன்.

```python
for a in (0, 1):
    for b in (0, 1):
        for c in (0, 1):
            f = 1 - (a & b | c)
            g = ((1 - a) | (1 - b)) & (1 - c)
            print(a, b, c, f, g)
```

முதலில் பாருக்கு `~a` என்று எழுதியிருந்தேன். 1, 0 வர வேண்டிய இடத்தில் -1, -2 என்று வந்து குழப்பியது. பைத்தானில் `~` ஒரு பிட்டை மட்டும் புரட்டாது, முழு எண்ணையும் புரட்டிவிடும். அதனால்தான் `1 - a`.

செமஸ்டர் கடைசியில் லேபில் ஃபுல் ஆடர். மூன்று பிட்டுகளைக் கூட்டும்போது கேரி எப்போது 1 என்று டேபிள் போட்டேன்: குறைந்தது இரண்டு 1 இருக்கும்போது. அதே நடுவர் கணக்கு! கூட்டுத்தொகைக்காக A⊕B-யை 7486 சிப்பில் எப்படியும் செய்தாக வேண்டும். அது கையில் இருக்கும்போது AB + C(A⊕B)-க்கு இரண்டு ஆண்டும் ஓர் ஆரும் போதும். AB + BC + CA என்றால் மூன்று ஆண்ட், இரண்டு ஆர். பாதி மதிப்பெண் வாங்கிய கோவையை பிரெட்போர்டில் சொருகினேன். பக்கத்து மேசையில் நண்பன் இன்னும் வயர் சீவிக்கொண்டிருந்தான்.