திரும்பி வந்த பெட்டிகளின் கணக்கு

என் ஆன்லைன் கடையில் ஒரு ஆர்டருக்கு 32 லாபமாக நிற்கிறது என்று நம்பித்தான் விளம்பரத்துக்கு 20 வரை கொடுத்துக்கொண்டிருந்தேன். விற்பனை விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு 50, பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வே கட்டணம் 2, பேக்கிங் 4, கூரியர் 12. மீதி 32. கணக்கு சரிதான், ஆனால் பொருள் வாடிக்கையாளரிடமே தங்கினால் மட்டும்.

எனக்குப் பத்தில் இரண்டு திரும்பி வருகிறது. திரும்பும் ஒவ்வொன்றிலும் போன கூரியர் 12, வரும் கூரியர் 12, பேக்கிங் 4 போச்சு. பணத்தைத் திருப்பினாலும் கேட்வே தன் 2-ஐத் தருவதில்லை. ஆக 30 நஷ்டம். ஒரு நல்ல ஆர்டர் சம்பாதித்ததை ஒரு ரிட்டர்ன் கிட்டத்தட்ட முழுசாகத் தின்றுவிடுகிறது.

எட்டு ஆர்டரில் 256 வரவு, இரண்டில் 60 நஷ்டம். பத்துக்கும் பங்கிட்டால் 19.6. திரும்பியதில் ஒன்று மறுபடி விற்க முடியாதபடி கசங்கி வந்தால் சரக்கு விலை 50-ம் போய் 14.6. அதற்குத்தான் நான் 20 கொடுத்து ஆர்டர் வாங்கியிருக்கிறேன்!

இது இத்தனை நாள் கண்ணில் படாததற்குக் காரணம், ரிட்டர்ன் மூன்று வாரம் கழித்து வருவதுதான். விற்பனை ஏறும் மாதத்தில், போன மாதத்தின் சொற்ப ரிட்டர்னை இந்த மாதப் பெரிய விற்பனையால் வகுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு ரிட்டர்னையும் அந்த ஆர்டர் வந்த மாதத்திலேயே எழுதுகிறேன்.