பட்டியலில் இல்லாத அக்கா: எங்கள் ஆறாவது மாடி ஃபயர் டிரில்

போன மாதம் நடந்ததை நினைத்தால் இன்னும் நெஞ்சு படபடக்கிறது. சென்னை ஓ.எம்.ஆரில் எங்கள் அலுவலகம். ஆறாவது மாடிக்கு ஃபயர் வார்டனாக என்னைப் போட்டார்கள். பயிற்சி வகுப்பு, சிவப்பு ஜாக்கெட், விசில் எல்லாம் சரியாகவே வந்து சேர்ந்தன.

அன்று காலை 11:10க்கு ஹூட்டர் அடித்தது. லிஃப்டை யாரும் தொடவில்லை. காலில் கட்டுப் போட்டிருந்த நண்பரை அவருக்கென்று நியமித்த இருவர் பத்திரமாக இறக்கிவிட்டார்கள். தேடும் பொறுப்பில் இருந்தவர்கள் ஒவ்வொரு அறையாகப் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டு, படிக்கட்டு வாசலில் நின்ற என்னிடம் "கிழக்குப் பக்கம் காலி", "மேற்குப் பக்கம் காலி" என்று சொன்னார்கள். ஆறு நிமிடத்தில் மாடி காலி என்று நம்பி நானும் இறங்கினேன்.

கீழே அசெம்பிளி பாயிண்டில்தான் சிக்கல் ஆரம்பித்தது. ரிசப்ஷனில் எடுத்து வந்த கார்டு ஸ்வைப் பட்டியலில் 87 பேர். எண்ணினால் 85. திரும்ப எண்ணினால் 84, ஏனென்றால் அதற்குள் ஒருவர் டீக்கடைப் பக்கம் போய்விட்டார். நான்கு மாடி ஆட்களும் ஒரே மரத்தடியில் கலந்து நின்றதால் யார் எங்கள் ஆள் என்றே தெரியவில்லை. பெயர் பெயராகக் கூப்பிட்டுப் பார்த்த பிறகுதான், வராத இருவர் யாரென்று தெரிந்தது. ஒருவர் பத்தரைக்கே வங்கிக்குப் போயிருக்கிறார். முன்னால் போனவர் திறந்த கதவிலேயே வெளியேறியதால் அவர் கார்டு பதிவாகவில்லை. இன்னொருவர் நான்காவது மாடியில் மீட்டிங்கில் இருந்து, அந்த மாடிக் கூட்டத்தோடு நின்றிருந்தார்.

கணக்கு சரியாகிவிட்டது என்று மூச்சு விடும்போது, ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர் என் கையைப் பிடித்து, "சார், எங்க ஆளு ஒருத்தி இன்னும் மேலதான் இருக்கா" என்றார்.

ஒப்பந்த ஊழியர்களுக்கு ஸ்வைப் கார்டு கிடையாது. கீழே செக்யூரிட்டி நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். அதனால் என் பட்டியலில் எங்கள் மாடி ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் மூவருமே இல்லை. பெண்கள் கழிவறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, மேலே இருந்துவிட்ட அக்கா சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே ஹூட்டர் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. அந்தப் பக்கம் தேட வேண்டிய பெண் ஊழியர் அன்று விடுப்பு, மாற்று ஆளை முன்கூட்டியே போடவில்லை. அவருக்குப் பதிலாகப் போனவர் வெளியே நின்று "யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். நான் தேடிய இருவரும் பத்திரமாக இருந்தார்கள். உண்மையிலேயே உள்ளே இருந்தவரை நான் தேடவே இல்லை. செக்யூரிட்டி மேலே போய் அவரைக் கூட்டிவரும்போது ஹூட்டர் அடித்துப் பத்தொன்பது நிமிடம்.

அப்புறம் ஆவணம். "கடைசி ஆள் வெளியேறியது ஆறு நிமிடம், குறைகள் இல்லைன்னு எழுதிடுங்க, இன்ஸ்பெக்‌ஷன் வருது" என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். பழைய டிரில் தாள்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் ஒரே ஆறு நிமிடம், ஒரே வாசகம், தேதி மட்டும் வேறு. எனக்குக் கோபம் வந்தது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி உயரமான கட்டடங்களில் முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரில் நடத்தி, பதிவை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். எதில் தவறினோம் என்று அதில் இல்லாவிட்டால் அடுத்த வார்டன் எதைப் பார்த்துத் திருத்துவார்? பத்தொன்பது நிமிடம் என்றே எழுதினேன். ஒவ்வொரு குறைக்கும் எதிரே யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வது என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். வாங்க இரண்டு நாள் அலைந்தேன்.

நீங்கள் வார்டன் என்றால் மொத்தமாகத் தலை எண்ணாதீர்கள். ஒவ்வொரு டீம் லீடும் தன் ஆட்களைப் பெயர் சொல்லி எண்ணி உங்களிடம் சொல்லட்டும். மாடி எண் எழுதிய பலகை ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். ஸ்வைப் பட்டியலோடு செக்யூரிட்டி நோட்டும் விசிட்டர் நோட்டும் கீழே வந்தாக வேண்டும். தேடும் ஒவ்வொருவருக்கும் மாற்று ஆள் பெயர் தாளில் இருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து மறு டிரில். பெண்கள் கழிவறைப் பக்கம் தேடும் பொறுப்பை ஸ்டோர் ரூமில் இருந்த அந்த அக்காவிடமே கொடுத்தோம், அந்த மூலை முடுக்கெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. ஆரஞ்சு ஜாக்கெட்டோடு படிக்கட்டு வாசலுக்கு வந்து, "லேடீஸ் பக்கம் காலி சார், ஸ்டோர் ரூமும் திறந்து பார்த்துட்டேன்" என்றார். கீழே போய் எண்ணினோம். முதல் முறையிலேயே கணக்கு நேரானது.