அம்மாவின் லண்டன் விசா: உறவும் செலவும் கேட்ட இடங்கள்

லண்டனில் இருக்கும் அண்ணா கூப்பிட்டதும் அம்மாவின் விசிட் விசாப் படிவத்தை நான்தான் கல்லடியில் இருந்து இணையத்தில் நிரப்பினேன். பெயர், பிறந்த திகதி எல்லாம் கடவுச்சீட்டைப் பார்த்துத் தட்டிவிடலாம். யோசிக்க வைத்தவை இரண்டு: அண்ணா என்ன உறவு, யார் எவ்வளவு செலவு செய்கிறார்.

தட்டுவது நான் என்றாலும் படிவம் கேள்வி கேட்பது அம்மாவிடம். அதனால் அண்ணாவுக்கான உறவு Son. பிள்ளைகள் உட்கார்ந்து நிரப்பும்போது தங்கள் பக்கத்தில் இருந்து யோசித்து Brother என்றோ Mother என்றோ தெரிவுசெய்வது சாதாரணமாக நடக்கிறது. அப்புறம் அண்ணாவின் அழைப்புக் கடிதத்தில் 'என் தாயார்' என்று இருக்கும், படிவம் வேறு சொல்லும்.

Son என்று போட்டால் மட்டும் போதாது, காட்டவும் வேண்டும். அம்மாவின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருப்பது தாத்தாவின் பெயர், அண்ணாவுடையதில் அப்பாவின் பெயர். நமக்கு இது சாதாரணம். விசா அதிகாரிக்கு இரண்டும் சம்பந்தமில்லாத ஆட்களின் பெயர்கள். இரண்டையும் இணைப்பது அண்ணாவின் பிறப்புச் சான்றிதழ்தான். அது தமிழில் இருந்ததால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தோம். கூடவே அம்மாவின் கடவுச்சீட்டுப் பிரதியையும் கொடுத்து, பெயரை அதே எழுத்துக்கூட்டலில் எழுதச் சொன்னோம். இல்லாவிட்டால் 'ராசா' ஒரு தாளில் rasa, இன்னொன்றில் rajah என்று வந்துவிடும்.

இந்தச் சான்றிதழ் செலவுக் கேள்விக்கும் வேண்டும். வேறொருவர் செலவை ஏற்பதென்றால் அவருக்கும் பயணிக்கும் உண்மையான உறவோ தொழில் தொடர்போ இருக்க வேண்டும், அவரால் கொடுக்க முடியும் என்பதும் தெரிய வேண்டும் என்பது இங்கிலாந்தின் விதி. அண்ணா தனிப் படிவம் எதுவும் நிரப்ப வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் படிவத்திலேயே அவர் பெயர், முகவரி, தரும் தொகை, ஏன் தருகிறார் என்பது வரை எழுத வேண்டும்.

'எல்லாம் மகன் பார்ப்பார்' என்பது பதிலாகாது. விமானச் சீட்டுக்கு 800 பவுண், அங்கே போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் 600, ஆக 1,400 அண்ணாவுடையது. தங்குவது அவர் வீட்டில், வாடகை இல்லை. கைச்செலவு அம்மாவின் ஓய்வூதியத்தில் இருந்து. ஏன் என்ற கேள்விக்கு, மகன் தாயை அழைக்கிறார், ஒரு மாதம் தன் வீட்டில் வைத்திருப்பார் என்று இரண்டு வரி. அண்ணாவின் அழைப்புக் கடிதத்திலும் இதே தொகை, இதே திகதிகள். அதோடு அவருடைய சம்பளச் சீட்டுகள், வங்கிக் கூற்று, கடவுச்சீட்டுப் பிரதி.

அண்ணா தருகிறார் என்பதற்காக அம்மாவின் வருமானத்தைச் சைபர் ஆக்கக் கூடாது. ஓய்வூதியத்தையும் வயல் குத்தகைப் பணத்தையும் எழுதினோம். திரும்பி வர இங்கே காரணம் இருக்கிறது என்று காட்டுவது அவைதான். கணக்கில் பலமாகத் தெரியட்டும் என்று அண்ணா ஒரு பெரிய தொகை அனுப்பப் பார்த்தார், வேண்டாம் என்றேன். விண்ணப்பத்துக்குச் சற்று முன்பு திடீரென விழும் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத்தான் கிளப்பும்.

கைரேகை கொடுக்கக் கொழும்புக்குப் போகுமுன் அம்மாவுக்குப் படிவம் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் பெயரில் போகும் பதில்கள், அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா.