சிரிப்பு வைக்கவா, வேண்டாமா?

"தம்பி, இந்தப் பொம்பளைக்குச் சிரிப்பு வைக்கவா, வேண்டாமா?" என்று ஓவியர் அண்ணன் போனில் கேட்டார். "வையுங்கண்ணே, பிள்ளைங்க பாக்குற புத்தகம்" என்றேன். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. போனை வைத்துவிட்டு அடுத்த பக்கத்தின் மெய்ப்பைத் திருத்தப் போய்விட்டேன்.

அந்தப் பத்து வினாடிதான் இன்னும் போகவில்லை. ஆதி விவசாய ஊரில் தானியம் அரைக்கும் பெண்ணைக் காட்டும் அதே படத்துக்காக அவரை நான் எவ்வளவு படுத்தினேன் என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் அதுவும் கூடவே வருகிறது. முதல் வரைவில் ஏர் இருந்தது. "இல்லண்ணே, ஏர் வர இன்னும் ரொம்ப காலம் ஆகும்" என்று எடுக்கவைத்தேன். மூலையில் மண்பானைகள் இருந்தன. அந்தக் கட்டத்தில் அங்கே பானை செய்யத் தொடங்கவில்லை என்று அதையும் எடுக்கவைத்தேன். அரைக்கும் இடத்தில் திருகையை வரைந்திருந்தார். சுற்றும் கல் எல்லாம் பல ஆயிரம் வருடம் கழித்து வந்தது, கீழே ஒரு பட்டைக்கல், மேலே கையால் தள்ளும் குழவி போதும் என்று புகைப்படம் அனுப்பினேன். இத்தனையும் சரியாக வரவேண்டும் என்று நின்றவன், முகத்துக்கு வந்தபோது மட்டும் ஏன் அவ்வளவு சுலபமாக விட்டேன்?

படத்தில் இருப்பது வட சிரியாவில், யூப்ரடீஸ் கரையில் இருந்த அபு ஹுரைரா. 1972, 1973 இரண்டே பருவங்களில் ஆண்ட்ரூ மூர் குழுவினர் அவசர அவசரமாகத் தோண்டிய மேடு அது. பிறகு அணைத் தண்ணீர் மூடிவிட்டது. 'முதல் விவசாய ஊர்' என்ற இரண்டு பக்கத்துக்கு இந்த இடத்தைத் தேர்ந்தது நான்தான். ஒரே மேட்டில் முன்கதையும் பின்கதையும் கிடைக்கின்றன, அதற்காக.

முன்கதை எங்கள் ஆசிரியர் குழுவுக்குப் பிடிக்கவில்லை. 'விவசாயம் கற்றதால் மனிதன் ஓரிடத்தில் தங்கினான்' என்று அவர்கள் ஒரு வரி வைத்திருந்தார்கள். அபு ஹுரைராவில் வரிசை அப்படி இல்லை. சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் கடுமை தணிந்திருந்த நேரத்தில், வயல் என்ற ஒன்றே இல்லாமல் மக்கள் அங்கே குழிவீடுகளில் ஏறக்குறைய வருடம் முழுவதும் தங்கியிருந்தார்கள். தோண்டிய மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் கருகிய விதைகள் மேலே மிதந்து வரும். அவற்றைப் பிரித்துப் பார்த்த கார்டன் ஹில்மன், வசந்தத்தில் கிடைக்கும் செடிகள் முதல் இலையுதிர் காலத்தில் கிடைப்பவை வரை எல்லாவற்றையும் கண்டார். மான் எலும்புகள் வேறொன்றைச் சொல்லின. கொல்லப்பட்ட கெஸல் மான்கள் பிறந்த குட்டியாகவோ, ஒரு வயதாகவோ, முழுதாக வளர்ந்தோ இருக்கின்றன. நடுவிலுள்ள வயதுகள் காணோம். அப்படியென்றால் மந்தை இடம்பெயர்ந்து வரும் அந்த ஒரு பருவத்தில் மொத்தமாக வேட்டையாடி, இறைச்சியை உலர்த்தி வைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதாவது முதலில் ஊர், வயல் பிறகுதான். அப்புறம் குளிரும் வறட்சியும் திரும்பி வந்து ஆயிரம் வருடத்துக்கு மேல் நீடித்தன. காட்டு உணவு குறையக் குறைய, அந்த மக்கள் ரை தானியத்தை விதைத்துப் பார்த்தார்கள் என்பது ஹில்மனின் கருத்து. கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய சில தானியங்களை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். நான் 'சிலர் கருதுகிறார்கள்' என்று எழுதியதை வெட்டிவிட்டார்கள். சரி, போகட்டும்.

என் படம் பின்கதையைக் காட்டுவது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன். மண் செங்கல் வீடுகள், சாந்து பூசிய தரை, மானுக்குப் பதில் பெரும்பாலும் ஆடுகள், பல ஆயிரம் பேர். இறந்தவர்களை வீட்டுத் தரைக்கு அடியிலும் முற்றத்திலும் புதைத்தார்கள். அந்த எலும்புகளைப் பார்த்தவர் லண்டனைச் சேர்ந்த தேயா மோலஸன். கால் பெருவிரல் மூட்டு தேய்ந்து வீங்கியிருந்தது, சிலருக்குக் கடுமையாக. முழங்காலில் எலும்பு கூடுதலாக வளர்ந்திருந்தது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் சிதைவு. மூன்றும் சேர்ந்து வரும் வேலை எது என்று அவர் யோசித்தார். தரையில் முழங்கால் போட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, உடலை முன்னே தள்ளித் தள்ளி அரைப்பது. தள்ளியதும் சட்டென்று பின்னுக்கு வரவேண்டும். அந்த இழுப்பு முழுக்க விரலிலும் இடுப்பிலும் விழும். ஒரு குடும்பத்துக்கு வேண்டிய தானியத்தை இப்படி நாள்தோறும் பல மணி நேரம் அரைத்திருக்க வேண்டும். மறுநாள் திரும்பவும் மண்டியிட வேண்டும்.

"முழங்கால் போட்டா அரைப்பாங்க? நம்ம அம்மி மாதிரி குத்துக்காலிட்டு இல்லையா?" என்று அண்ணன் கேட்டபோதுதான் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கல்லுக்கு முன்னால ஆணா பெண்ணா?" என்றார். பெண் என்றேன். அடுத்த நாள்தான் சிரிப்பைப் பற்றிக் கேட்டார். விரலைப் பற்றிக் கேட்ட பிறகுதான் அவருக்கு அந்தச் சந்தேகமே வந்திருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் கழித்து உறைத்தது.

என் பக்க நியாயமும் உண்டு. முகம் புதைபொருளாகக் கிடைப்பதில்லை. கால்வலியோடு வேலை செய்பவர்கள் சிரிக்கவே மாட்டார்கள் என்று யார் சொன்னது? நாலு பேர் சேர்ந்து அரைத்தால் பேச்சும் இருக்கும், சிரிப்பும் இருக்கும். நான் அழும் முகம் போடச் சொல்லியிருந்தால் அதுவும் என் கற்பனைதானே.

'பெண்' என்று சொன்னதிலேயே முழு உறுதி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்கிறேன். தேய்மானம் பெரும்பாலும் பெண்களுக்கு என்று மோலஸன் சொன்னார். ஆனால் உடைந்த எலும்புகளில் ஆண் பெண் பிரிப்பது எளிதல்ல. இடுப்பெலும்பு நன்றாக இருந்தால் சொல்லலாம். இல்லாவிட்டால் அளவை வைத்துத்தான் சொல்ல வேண்டும், அதில் சிறிய ஆண் பெண்ணாகிவிடுவான். இந்தச் சந்தேகத்தை அண்ணனிடம் நான் சொல்லவில்லை. படத்தில் 'பெரும்பாலும்' என்பதை வரைய முடியாது என்று அப்போது சமாதானம் செய்துகொண்டேன்.

பானையை எடுக்கவைத்ததில்கூட இப்போது எனக்கு முழுத் திருப்தி இல்லை. அந்த ஊருக்குப் பானை வந்ததும் நடந்ததுதான் பெரிய மாற்றம். அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்ச முடிந்தது. கஞ்சி இருந்தால் குழந்தைக்குத் தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்தலாம். நிறுத்தினால் அடுத்த பிள்ளை சீக்கிரம் வரும். அதற்கு முன் கல்தூள் கலந்த முரட்டு மாவால் பற்கள் தேய்ந்தன, உடைந்தன. கஞ்சி வந்த பிறகு சொத்தை கூடியது. பிள்ளைகள் கூடக் கூட அரைக்கவேண்டிய தானியமும் கூடும். அத்தனை வாய்களுக்கும் மான் மந்தையை நம்பி இருக்க முடியாது, பழைய வாழ்க்கைக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும். இதை ஒரு பெட்டிச்செய்தியாக எழுதியிருந்தேன். இடமில்லை என்று போய்விட்டது. நானும் சண்டை போடவில்லை. ஏருக்கும் திருகைக்கும் போட்டேன்.

போன மாதம் இரண்டாம் பதிப்புக்கான கோப்பு வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரல்களை அண்ணன் அருமையாக வரைந்திருக்கிறார், மடங்கி, வெளுத்து, ஊன்றி. மேலே அந்தச் சிரிப்பு. பின்னால் ஒரு வீட்டின் நிழலில் அவர் அழிக்க மறந்த ஒரு குட்டிப் பானை. 'பின்புலத்தில் பானை உள்ளது, நீக்கவும்' என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். வேறு திருத்தம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.