கான் அடைப்பும் ஒரு மனுவும்

2024 ஒக்டோபர் 5, சனி

மதியம் பிடித்த மழை நாலரைக்குத்தான் விட்டது. குசினிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர், அதில் தேயிலைச் சாயம் மாதிரி மண். விளக்குமாற்றை ஓரமாக வைத்துவிட்டுக் குடையோடு போய்க் கானைப் பார்த்தேன். எங்கள் லேனைக் குறுக்கே கடக்கும் ஹியூம் குழாய்க்கு மேல்பக்கம் கான் முட்ட நிற்கிறது. கீழ்ப்பக்கம் விரல் தடிப்புக்குத்தான் தண்ணீர் வருகிறது. அப்படியானால் அடைப்பு திறந்த கானில் இல்லை, குழாய்க்குள்ளே இருக்கிறது. ஜூனிலிருந்து நாங்கள் "கான் அடைத்துவிட்டது" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு பிழை!

ஒக்டோபர் 6, ஞாயிறு

உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்ததிலிருந்து போய்ச் சொல்ல ஓர் உறுப்பினரும் இல்லை. ஆணையாளருக்கு மனு எழுதுவதுதான் வழி. முந்தைய முறைப்பாடுகளைத் தேடி எடுக்க உட்கார்ந்தேன்.

ஜூன் 12, தொலைபேசியில் சொன்னது. யார் எடுத்தார் என்று குறிக்கவில்லை. ஜூலை 8, கந்தோருக்கு நேரில் போனது. அந்த வாரமே ஆட்கள் வந்து மண்ணை அள்ளிக் கானின் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனார்கள், இரண்டு மழையில் அது திரும்பக் கானுக்குள். ஓகஸ்ட் 26, கடிதம். கையில் கொடுத்தேன், பிரதியில் முத்திரை வாங்கவில்லை. மூன்று முறைப்பாட்டுக்கும் சேர்த்து என்னிடம் இருப்பது அந்த மண் குவியலின் ஒரு படம் மட்டும். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தவள் நான்!

ஒக்டோபர் 7, திங்கள்

முதல் வரைவில் "சொல்லொணாத் துயரம்" இரண்டு இடத்தில் வந்துவிட்டது. வெட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா, "மேல வீட்டுக்காரங்க மதில் கட்டின கல்லும் மண்ணும்தான் டீச்சர், அவங்க பேரைப் போடுங்க" என்றார். கல் உருண்டு போனதை நாங்கள் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பெயர் போட்டால் விசாரணை அந்த மதில் பக்கம் திரும்பும், குழாய் அப்படியே கிடக்கும். போடவில்லை.

விடயப் பகுதி இப்படி நின்றது:

"மழை பெய்யும்போது குழாயின் மேல்பக்கத்தில் நீர் வீதி மட்டம் வரை தேங்குகிறது, அதே நேரம் கீழ்ப்பக்கத்துக் கான் ஏறக்குறைய வெறுமையாக உள்ளது. ஆகவே அடைப்பு குழாயினுள் இருப்பதாகக் கருதுகிறோம். ஒக்டோபர் 5 அன்று நான்கு வீடுகளுக்குள் நீர் புகுந்தது. படங்கள் இணைக்கப்பட்டுள்ளன."

கேட்பது என்ன என்பதில்தான் நேரம் போனது. "கானைச் சுத்தம் செய்து தரவும்" என்று எழுதினால் ஜூலையில் செய்ததையே செய்வார்கள். அதனால் மூன்றாகக் கேட்டேன். குழாயைத் திறந்து உள் அடைப்பை எடுக்க வேண்டும். எடுத்த மண்ணை அன்றே லொறியில் ஏற்ற வேண்டும். குழாயின் வாயில் மண் தங்க ஒரு குழி வேண்டும். மூன்றாவது அப்பாவிடம் கற்றது. தோட்டத்தில் கான் வெட்டும்போது இடையிடையே குழி விடுவார்கள், மண் அதில் படியும், மழை விட்டதும் அள்ளிவிடலாம். தேயிலைக்கு இருக்கும் குழி எங்கள் லேனுக்கு இல்லை.

ஒக்டோபர் 9, புதன்

பதினொரு வீட்டின் கையெழுத்தும், சோலைவரிப் பற்றுச்சீட்டின் பிரதியும் சேர்த்துக் கொண்டுபோனேன். இலிகிதர் முதலில் கேட்டது, "இது பிரதான வீதியின் கானா, லேன் கானா?" பிரதான வீதி என்றால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, மனு அங்கே இங்கே அலையும். நல்லவேளை, கையால் கீறிய வரைபடம் ஒன்று வைத்திருந்தேன். முந்தைய கடிதம் சுகாதாரப் பகுதிக்குப் போயிருக்கும் போல என்றார். நுளம்பு பெருகுகிறது என்று நான் அதில் அரைப் பக்கம் எழுதியிருந்தேனே! இந்த முறை தலைப்பிலேயே "வேலைப் பகுதியின் கவனத்திற்கு".

பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்கிய பிறகுதான் படியிறங்கினேன்.

ஒக்டோபர் 24, வியாழன்

தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தார். நீளமான கம்பியைக் கீழ்ப்பக்கத்திலிருந்து விட்டார். நாலடி போனதும் 'டக்' என்று நின்றது. மேல்பக்கத்திலிருந்து விட்டபோது மெத்தென்று மண்ணில் புதைந்தது. "உள்ள கல் ஒண்ணு குறுக்க கிடக்கு, அதுக்கு மேலதான் மண் சேர்ந்திருக்கு" என்றார். குழி பற்றிக் கேட்டேன். இந்த வருட ஒதுக்கீட்டில் இல்லையாம். சரி, அதையே எழுத்தில் தாருங்கள் என்றேன். சிரித்தார்.

ஒக்டோபர் 29, செவ்வாய்

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். வெளியே வந்தது தேங்காயளவு கொங்கிரீட் கட்டி, ஒரு பக்கம் சாந்து பூசிய தடம். அக்கா என்னைப் பார்த்தார், நான் கானைப் பார்த்தேன். பிறகு சொப்பிங் பேக்கும் போத்தலும் மண்ணுமாக வந்துகொண்டே இருந்தது. லொறி மாலை ஐந்து மணிக்கு வந்து எல்லாவற்றையும் ஏற்றியது.

குழி பற்றிய பதில் இன்னும் வரவில்லை. அதற்கென்று தனியாக ஒரு கடிதம் எழுதி, முத்திரையிட்ட பிரதியை இணைத்து நாளை பதிவுத் தபாலில் போட வேண்டும்.